சாக்லேட் ரீல்ஸ்: ரிங் லைட் வாங்குவதா, ஜன்னலே போதுமா?

கோத்தகிரி மிட்டாய்
வீட்டில் சாக்லேட் செய்து ஆர்டர் எடுக்கிறேன். போனில் வீடியோ எடுத்தால் வெள்ளைத் தட்டில் சாக்லேட் கரிக்கட்டை மாதிரி தெரிகிறது. அதை உடைப்பதை ஸ்லோ மோஷனில் எடுத்தால் வெளிச்சம் துடிக்கிறது. கையில் 600 ரூபாய்தான் இருக்கிறது. ரிங் லைட் வாங்கலாமா?

ஊட்டிக்காரன்
யோசிக்காமல் வாங்குங்க அக்கா. மலையில் வெயிலை நம்பி வீடியோ எடுக்க முடியாது. பத்து மணிக்குப் பளிச்சென்று இருக்கும், பத்தேகாலுக்கு மேகம் வந்து உட்கார்ந்துவிடும். விளக்கு இருந்தால் நம் இஷ்டத்துக்கு எடுக்கலாம்.

பழைய ஸ்டுடியோ
அவசரப்படாதீங்க. இரண்டு கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. தட்டு வெள்ளையாக இருப்பதால் காட்சியில் வெளிச்சம் அதிகம் என்று போன் நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. கருப்புத் துணியில் வைத்தால் நேர்மாறாக நடக்கும்: சாக்லேட் சாம்பல் பூத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும். ரிங் லைட் வந்தாலும் இந்தக் குழப்பம் தீராது. மரப்பலகையோ சணல் சாக்கோ போட்டு அதில் வையுங்கள். திரையில் சாக்லேட் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு கை குறுக்கே வந்தாலும் படம் ஏறி இறங்காது.

துடிப்புக்குக் காரணம் பல்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல்பின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மலிவான எல்.இ.டி.யில் அது நன்றாகவே தெரியும். ஸ்லோ மோஷனில் போன் நொடிக்கு 120 அல்லது 240 படம் எடுக்கிறது. ஒரு படம் ஒளி ஏறும்போதும் அடுத்த படம் இறங்கும்போதும் விழுகிறது. ஸ்லோ மோஷனை ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள்.

தைலக்கடை
என் அனுபவம் ஒன்று. நீலகிரித் தைலம் விற்கிறேன். ரிங் லைட் வைத்து எடுத்ததில் ஒவ்வொரு பாட்டிலிலும் வெள்ளை வளையம், லேபிளே படிக்க முடியவில்லை. இப்போது பாட்டிலுக்குப் பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டிய ஜன்னல், அவ்வளவுதான். பளபளப்பான தாளில் சுற்றிய சாக்லேட்டிலும் அந்த வளையம் விழும்.

வால்பாறை வண்டி
டிரோன் வாடகைக்கு எடுத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு சுற்று விட்டால் சூப்பராக இருக்கும்.

பழைய ஸ்டுடியோ
தம்பி, விற்பது சாக்லேட்!

ஊட்டிக்காரன்
அண்ணா, தோட்டத்தில் எடுப்பது கெட்ட யோசனை இல்லை. மேகமூட்ட வெளிச்சத்தில் நிழல் மென்மையாக விழும், செலவும் இல்லை.

பழைய ஸ்டுடியோ
வெளிச்சம் மென்மைதான், நிலையாக இருக்காது. நீங்களே சொன்னீர்கள், பத்தேகாலுக்கு மேகம் என்று. முதல் ஷாட் மஞ்சளாக, அடுத்தது நீலமாக வந்தால் ஒட்டும்போது இரண்டும் சேராது.

வீட்டுக்குள் இப்படிச் செய்து பாருங்கள். பல்பை அணைத்துவிடுங்கள், ஜன்னல் ஒளியோடு பல்பின் மஞ்சள் கலந்தால் நிறம் கெடும். மேசையை ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் பக்கத்திலும் சாக்லேட்டின் அச்சு தெரியும். போனை நாலு புத்தகத்துக்கு நடுவில் செருகினாலே ஆடாது. மிச்சக் காசில் சின்ன ட்ரைபாட் வாங்கலாம்.

இன்னொன்று, படம் எடுக்கும் சாக்லேட்டை ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும். அது சர்க்கரையைக் கரைத்துக் காயும்போது வெள்ளைத் திட்டு விட்டுவிடும். அதை எந்த விளக்காலும் மறைக்க முடியாது.

குன்னூர் பேக்கரி
நீங்கள் எல்லோரும் வெளிச்சத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். முதல் இரண்டு நொடியில் உடைக்கிற சத்தம் கேட்கவில்லையென்றால் யார் நின்று பார்ப்பார்கள்? எங்கள் வர்க்கி வீடியோ சுமாரான வெளிச்சத்தில் எடுத்ததுதான், நொறுங்கும் சத்தத்துக்காகவே ஆர்டர் வந்தது.

பழைய ஸ்டுடியோ
வர்க்கிக்குச் சரி, அது வெளிர் நிறம். கறுத்த சாக்லேட் தெரியாமல் சத்தம் மட்டும் கேட்டு என்ன பயன்? ஆனால் சத்தம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஸ்லோ மோஷனில் சத்தம் இழுபடும், அதனால் அதே உடைப்பைச் சாதாரண வேகத்தில் ஒருமுறை எடுத்து அந்தச் சத்தத்தைச் சேருங்கள்.

கோத்தகிரி மிட்டாய்
பலகையில் வைத்துப் பார்த்தேன் அண்ணா, ஓரங்கள் தெரிகின்றன. ஆனால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. தீபாவளி ஆர்டரும் அப்போதுதான், வேலை முடிய இருட்டிவிடும். அப்போது என்ன செய்வது?

பழைய ஸ்டுடியோ
அப்போது ஊட்டிக்காரர் சொன்ன விளக்குதான். நேராக அடிக்காமல் தெர்மாகோலில் அடித்துத் திரும்ப விடுங்கள், வளையம் விழாது. போனில் ப்ரோ வீடியோ இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். ஸ்லோ மோஷன் மட்டும் வேண்டாம்.

ஊட்டிக்காரன்
பவர் பேங்கில் ஓடும் ரிங் லைட்டில் 50 ஹெர்ட்ஸ் பிரச்சினையே இல்லையே அண்ணா?

பழைய ஸ்டுடியோ
முழு வெளிச்சத்தில் தப்பலாம். வெளிச்சத்தைக் குறைக்கும்போது சில விளக்குகள் தாங்களாகவே அணைந்து எரியும். கடையிலேயே போட்டு, ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஊட்டிக்காரன்
ஆக, வாங்கத்தான் சொல்கிறீர்கள்.