புதுப்பிப்பு: தெப்பக்குளப் படத்தில் கம்பத்தின் பிம்பம்

என் பழைய கேள்வி: "வண்டியூர் தெப்பக்குளப் படத்தில் தண்ணீரில் நின்ற கம்பத்தை அழித்துவிட்டேன். பிம்பம் மட்டும் கோடாக நிற்கிறது. மண்டபத்தைத் தலைகீழாகப் புரட்டி ஒட்டலாமா?"

"தாராளமாக ஒட்டுங்கள்" என்றவர் சொன்னது பாதிதான் சரி. நீரைத் தொடும் சுவர் கச்சிதமாகப் பொருந்தியது; உள்ளே தள்ளியிருக்கும் கோபுரம் பொருந்தவில்லை. ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் காரணம் சொன்னார்: கேமரா நீருக்கு மேல் எவ்வளவு உயரமோ, அவ்வளவு கீழே இருந்து பார்த்தால் தெரியும் காட்சிதான் பிம்பம். அங்கிருந்து பார்த்தால் சுவர் விளிம்பு கோபுரத்தின் அடியைக் கூடுதலாக மறைக்கும்.

ஆகவே புரட்டிய துண்டைச் சுவருக்கு மட்டும் வைத்து, சற்று இருட்டாக்கி, மேல்கீழாக லேசாக மங்கலாக்கினேன். மீதிக்கு, இருபுறமும் இருந்த நீரை அதே மட்டத்தில் பக்கவாட்டாக நகலெடுத்தேன். படத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து நகலெடுத்தால் அலை பெரிதாகி ஒட்டு காட்டிக்கொடுக்கிறது.

கடைக் கண்ணாடியில் விழுந்த தன் முகத்தையும் இப்படி நீக்கலாமா என்று கேட்டவருக்கு: அது வேறு சங்கதி; படமெடுக்கும்போதே சாய்வாக நின்று போலரைசர் மாட்டிப் பாருங்கள்.

கம்பத்தடியில் விரிந்த வட்ட அலைகள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. சுற்றியுள்ள மினுமினுப்பைக் கெடுக்காமல் அவற்றை எடுக்க யாருக்காவது வழி தெரியுமா?