காரைக்குடியில் இந்நேரம் யூராலஜிஸ்ட் இருக்கும் இடம் எது?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு, வயது 44, விடியற்காலை வலது விலாவுக்குக் கீழே திடீர்னு வலி. அப்படியே அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்குது. உட்காரவும் முடியல, படுக்கவும் முடியல, புரண்டுக்கிட்டே இருக்கார். சிறுநீர் லேசா சிவப்பு. சிறுநீரகக் கல்லாத்தான் இருக்கும்.

சிறுநீரகக் கோளாறோ அல்சரோ கிடையாதுன்னு கேட்டுக்கிட்டு, காலையில் டைக்ளோஃபெனாக் 75 மி.கி. தசையில் போட்டாங்க. அரை மணி நேரத்தில் வலி குறைஞ்சது. வீட்டில் வாழைத்தண்டுச் சாறும் சொம்பு சொம்பா தண்ணியும் கொடுத்திருக்காங்க. வலி உச்சத்தில் இருக்கும்போது அது கல்லைத் தள்ளாது, வாந்திதான் வரும். தாகத்துக்கு மட்டும் குடிச்சாப் போதும்.

இதுவரைன்னா காத்திருக்கலாம். 5 மி.மீ.க்குக் குறைவான கல் பெரும்பாலும் தானே வெளியேறிடும். ஆனா இப்போ நடுக்கத்தோட 101 டிகிரி காய்ச்சல். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தா ஆன்டிபயாடிக் மட்டும் பத்தாது. சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் வைத்தோ முதுகு வழியா குழாய் போட்டோ சிறுநீரை வடிக்கணும், தாமதிச்சா ரத்தத்தில் பரவிடும். சிறுநீர் நின்னுபோனாலும், ஒரே சிறுநீரகம் உள்ளவங்களுக்கு இந்த வலி வந்தாலும் இதே அவசரம்தான்.

108க்குச் சொல்லியாச்சு. இந்த ராத்திரியில் சி.டி. ஸ்கேனும் ஸ்டென்ட் வைக்கிற டாக்டரும் காரைக்குடியில் எங்கே இருக்காங்க? சிவகங்கை மெடிக்கல் காலேஜா, நேரா மதுரையா? போன் பண்ணி உறுதி செஞ்சவங்க மட்டும் சொல்லுங்க.