காகிதம் கொட்டியபோது முகம் கரைந்தது: ஏற்றியதும் மங்கிப்போகும் வீடியோக்கள், உங்கள் அனுபவம்?

மூன்றாம்வரிசை

நடனக் குழு ஒன்றின் மேடை நிகழ்ச்சியை எடுத்துக் கொடுத்தேன். 3 நிமிடம் 20 விநாடி, 1080பி, 30 ஃபிரேம். அரங்கில் வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓ 6400 வரை போக வேண்டியிருந்தது. எடிட் முடித்து 60 எம்பிபிஎஸ்-ல் எக்ஸ்போர்ட் செய்தேன். என் திரையில் கண் இமைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

1:42-ல் மேலிருந்து வெள்ளிக் காகிதத் துண்டுகள் கொட்டும். நடுவில் நிற்கும் பெண் முகத்தை நிமிர்த்திச் சிரிப்பார். ஏற்றிய வீடியோவில் அந்த இடம் வந்ததும் முகம் உருகின மெழுகு மாதிரி ஆகிவிட்டது. மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. காகிதமெல்லாம் தரையில் விழுந்து முடிந்த இரண்டாவது விநாடி, முகம் திரும்பி வந்துவிட்டது! அந்த இரண்டு விநாடிதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

சரி, பிட்ரேட் போதவில்லை போலிருக்கிறது என்று 120-ல் எக்ஸ்போர்ட் செய்து மறுபடி ஏற்றினேன். 1.5 ஜிபி ஃபைல் 3 ஜிபி ஆனதுதான் மிச்சம். இரண்டையும் அதே ஃபிரேமில் நிறுத்திப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பெண், "என் முகத்துக்கு ஏதாவது ஃபில்டர் போட்டீங்களா அண்ணா?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது?

கத்தரிவேலை

எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது, பைக் ஓட்டும் வீடியோவில். சாலையோர மரங்கள் எல்லாம் பச்சைக் களியாகிவிட்டன. அதன்பின் ஒரு விஷயம் புரிந்தது. தளம் சொல்கிற எண்ணிலேயே நாம் கொடுத்தால் அவர்கள் ஃபைலைத் தொட மாட்டார்கள். யூடியூப் உதவிப் பக்கத்திலேயே 1080பி, 30 ஃபிரேமுக்கு 8 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. நீங்கள் 60, 120 என்று கொடுப்பதால்தான் சுருக்குகிறார்கள். சரியாக 8-ல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அப்படியே போகும். H.264, ஆடியோ ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ். எடிட்டரில் "அதிகபட்சத் தரம்" என்று ஒரு டிக் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரில் வேறு எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவில் ஏற்றாதீர்கள், வைஃபையில் ஏற்றுங்கள். நான் ராத்திரியில்தான் ஏற்றுவேன்.

பழையடேப்

கத்தரி, நீங்கள் சொன்ன 8 அந்தப் பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது "இந்த அளவாவது கொடு" என்ற பரிந்துரை. அந்த எண்ணில் கொடுத்தால் தொடாமல் விடுவோம் என்று எங்கும் சொல்லவில்லை. எந்த எண்ணில் கொடுத்தாலும் அவர்கள் ஃபைலை முழுதாகப் பிரித்து, 360, 720, 1080 என்று தனித்தனியாக மறுபடி சுருக்குவார்கள். நீங்கள் 8-க்குச் சுருக்கி அனுப்பினால், ஏற்கெனவே அடிபட்ட படத்தை இன்னொரு முறை அடிக்கக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். ராத்திரியில் ஏற்றினாலும் பகலில் ஏற்றினாலும் அதே அடிதான்.

மூன்றாம்வரிசை, அந்தத் தளத்தில் உங்கள் சொந்த வீடியோவின் 1080பி பிரதியை இறக்க முடியுமா? முடிந்தால் ஃபைல் எத்தனை எம்பி என்று மட்டும் சொல்லுங்கள்.

ஒரேகேள்வி

எனக்கும் மங்கலாகத்தான் வந்தது. ஏற்றி முடிந்ததும் உடனே லிங்கை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன், எல்லோரும் என்னைத் திட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தானாகச் சரியாகிவிட்டது. நீங்களும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்.

மூன்றாம்வரிசை

ஒரேகேள்வி, உங்களுடையது வேறு. முதலில் சின்ன அளவுப் பிரதிதான் தயாராகும், பெரியது பின்னால் வரும். என்னுடையது ஏற்றி 3 வாரம் ஆகிவிட்டது.

பழையடேப் ஐயா, இறக்கிப் பார்த்தேன். 90 எம்பி.

பழையடேப்

90 எம்பியை 200 விநாடிக்குப் பங்கு வைத்தால் விநாடிக்கு 3.6 எம்பிட். அதாவது ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 15 கேபி. சுருக்காத ஒரு 1080பி ஃபிரேம், நிறத்தைக் குறைத்து வைக்கும் 4:2:0 முறையிலேயே 31 லட்சம் பைட் இருக்கும். ஆக உங்கள் ஒவ்வொரு ஃபிரேமும் இருநூறில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். நீங்கள் 60 கொடுத்தாலும் 120 கொடுத்தாலும் அந்த 15 கேபி மாறாது. அதனால்தான் இரண்டும் ஒன்றாக இருந்தன.

இருநூறில் ஒரு பங்கு என்றால் பயங்கரமாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலான காட்சிகளுக்கு அது போதும். என்கோடர் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, "இது முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது?" என்று தேடும். கிடைத்துவிட்டால் "அங்கிருந்து இவ்வளவு நகர்ந்தது" என்று எழுதிவிட்டுப் போய்விடும், செலவு ரொம்பக் குறைவு. காகிதத் துண்டு விழும்போது புரளும், மின்னும், ஒன்றை ஒன்று மறைக்கும். முந்தைய ஃபிரேமில் அதற்கு ஜோடியே இருக்காது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் புதிதாக வரைய வேண்டும். பட்ஜெட் அதே 15 கேபி. அப்போது என்கோடர் நுணுக்கத்தை வெட்டுகிறது. காகிதம் பளிச்சென்று இருப்பதால் எப்படியோ தெரிந்துவிடும். தோலின் மென்மையான நிழல்தான் முதல் பலி. காகிதம் விழுந்து முடிந்ததும் காசு மிச்சமாகிறது, முகம் திரும்பி வருகிறது. கத்தரியின் மரங்களும் இதே கதைதான்.

இதில் நீங்களே கூட்டிய செலவு ஒன்று இருக்கிறது. ஐஎஸ்ஓ 6400-ல் படம் முழுக்கப் பொடிப்பொடியாகத் துடிக்கும் நாய்ஸ். அதற்கும் முந்தைய ஃபிரேமில் ஜோடி கிடையாது. இருட்டுத் திரைச்சீலைமேல் இருக்கும் அந்தப் பொடிக்குக்கூட பட்ஜெட்டில் பங்கு போகிறது.

காகிதத்தை ஒன்றும் செய்ய முடியாது, பொடியைக் குறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவர்கள் செய்யும் கொடுமையை உங்கள் மெஷினிலேயே செய்து பார்த்துவிடலாம். ffmpeg என்ற கருவியில், காகிதம் விழும் அந்த 20 விநாடி போதும்:

```
ffmpeg -ss 95 -t 20 -i master.mov -an -c:v libx264 -pix_fmt yuv420p -b:v 3600k -maxrate 5400k -bufsize 7200k test.mp4
```

தளத்தின் என்கோடர் இதேதான் என்று சொல்லவில்லை, ஆனால் முகம் எங்கே கரையும் என்று இது காட்டிக்கொடுத்துவிடும். இதில் கரைந்தால் பெரும்பாலும் அங்கேயும் கரையும். இதில் தேறும்வரை மூலத்தை மாற்றிவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள். ஏற்றுகிற ஃபைலை நான் இப்படி எடுப்பேன்:

```
ffmpeg -i master.mov -vf "hqdn3d=2:1.5:4:3,scale=2560:1440:flags=lanczos" -c:v libx264 -crf 14 -preset slow -pix_fmt yuv420p -c:a aac -b:a 320k upload.mp4
```

இதில் hqdn3d நாய்ஸை லேசாக நீக்குகிறது, scale 1440-க்குப் பெரிதாக்குகிறது. பெரிதாக்குவதால் புது நுணுக்கம் எதுவும் வராது. பல தளங்களில் 1440-க்கு ஒதுக்கும் பிட்ரேட் அதிகம், அதற்காகத்தான். crf 14 என்பதால் நம் பக்கத்தில் கிட்டத்தட்ட இழப்பே இருக்காது. master.mov என்று சொல்வது எடிட்டரிலிருந்து நேரடியாக வந்த ஃபைல். யாரோ மெசேஜில் அனுப்பியதை இறக்கி எடிட்டில் போட்டிருந்தால், இதெல்லாம் செய்தும் வீண். அது ஏற்கெனவே ஒரு முறை நசுங்கி வந்தது. வீடியோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

வெள்ளைப்பலகை

பெரிதாக்குவது பற்றி என் பங்குக்கு. நான் திரைப்பதிவுப் பாடங்கள் போடுகிறேன். படம் அசைவதே இல்லை, நாய்ஸும் கிடையாது. ஆனாலும் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கலங்கிப்போகும், பக்கத்திலேயே வெள்ளை எழுத்து கத்தி மாதிரி நிற்கும். எழுத்தைத் தடிமனாக்கிப் பார்த்தேன், ஷார்ப்பன் போட்டேன், அதில் ஓரத்தில் வெள்ளைக் கோடு வந்ததுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் காரணம் பிட்ரேட்டே இல்லை. 4:2:0-வில் நிறத்தை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகத்தான் வைப்பார்கள். 1080பி-யில் நிறத்துக்கு 960×540 புள்ளிதான். வெள்ளை எழுத்து வெளிச்ச வித்தியாசத்தில் நிற்பதால் தப்பிக்கிறது, சிவப்பு மாட்டிக்கொள்கிறது.

அதே பதிவை 3840×2160-க்குப் பெரிதாக்கி ஏற்றினேன். இப்போது நிறத்துக்கு 1920×1080 கிடைக்கிறது, சிவப்பு நேராக வந்தது. ஆனால் பார்ப்பவர் 4கே-யைத் தேர்ந்தெடுத்தால்தான். பெரும்பாலானவர்கள் போனில் 480-ல் பார்க்கிறார்கள். அதனால் சிவப்பையே விட்டுவிட்டு வெளிர்மஞ்சளுக்கு மாறிவிட்டேன்.

கத்தரிவேலை

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். 1440-ஐத் தேர்ந்தெடுக்காதவருக்கு என்ன லாபம்? பாதிப் பேர் 1080-ல்தானே பார்க்கிறார்கள்? (8 விஷயத்தில் என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி விஷயத்தில் இல்லை. ராத்திரியில் வேகமாக ஏறுகிறது!)

பழையடேப்

நியாயமான கேள்வி. என் ஒரு வீடியோவை யூடியூபில் இரண்டு விதமாகவும் ஏற்றி, வலது கிளிக்கில் வரும் Stats for nerds-ல் பார்த்தேன். 1080-ஆக ஏற்றியதில் கோடெக் avc1 என்று இருந்தது, அதாவது பழைய H.264. 1440-ஆக ஏற்றியதில், 1080-ஐத் தேர்ந்தெடுத்தபோதும் vp09 வந்தது, அதாவது VP9. அது அதே பிட்ரேட்டில் H.264-ஐவிட நன்றாகவே சுருக்கும், ஆகவே 1080-ல் பார்ப்பவருக்கும் கொஞ்சம் லாபம். ஆனால் எந்த வீடியோவுக்கு எந்தக் கோடெக் என்பது அவர்கள் முடிவு, நாளைக்கே மாறலாம். உங்கள் வீடியோவில் என்ன வருகிறது என்று நீங்களே பாருங்கள். 1080-க்கு மேல் வாங்காத தளங்களில் இந்த வித்தை எடுபடாது, அங்கே டீநாய்ஸ் மட்டும்தான் கைகொடுக்கும்.

நிழல்பிரியன்

எல்லோரும் பொடியை ஒழிப்பதிலேயே குறியாக இருக்கிறீர்கள். நான் எடுத்த இரவுக் குறும்படம் ஒன்றில் இதே டீநாய்ஸ் போட்டு ஏற்றினேன். முகங்கள் தப்பின. ஆனால் பின்னால் இருந்த இருட்டு வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகப் பிரிந்துவிட்டது. நாய்ஸ் இருந்தவரை அந்தப் பட்டைகள் அதற்குள் ஒளிந்திருந்தன. 8 பிட்டில் இருட்டுக்குக் கிடைக்கும் படிகள் கொஞ்சம்தான், மேலே இருக்கும் பொடியைத் துடைத்தால் படி வெளியே தெரிகிறது. எனக்குப் பொடியோடு மங்கலான முகமே மேல்.

பழையடேப்

வானம் இருந்தால் உங்கள் கட்சிதான் சரி. நானும் அங்கே முழுதாகத் துடைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் விட்டுவைக்கும் பொடியையும் தளத்தின் என்கோடர் பாதிக்கு மேல் துடைத்துவிடும், பட்டை அப்போதும் வரலாம். இதற்கு முழு வைத்தியம் என்னிடம் இல்லை.

மூன்றாம்வரிசை

சோதனை கமாண்டில் அதே முகம், அதே மெழுகு, என் மெஷினிலேயே! ஏற்றாமலே பார்க்க முடிந்ததில் பாதி நிம்மதி. ஆறு முறை டீநாய்ஸ் அளவை மாற்றிப் பார்த்து, 1440-ல் ஏற்றிவிட்டேன். 1:42-ல் இப்போது மூக்கு இருக்கிறது, சிரிப்பு சிரிப்பாகத் தெரிகிறது. இடுப்பு ஒட்டியாணத்தின் மணிகள் மட்டும் இன்னும் ஒரே பட்டையாகத்தான் இருக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு லிங்க் அனுப்பினேன். "முகம் நல்லா வந்திருக்கு அண்ணா. ஆனா பின்னாடி காகிதம் கம்மியா விழுற மாதிரி இருக்கே?" என்றார். மாஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மேடையின் கடைசியில், திரைச்சீலைக்கு முன்னால் விழுந்த பொடித் துண்டுகளை hqdn3d நாய்ஸ் என்று நினைத்துத் துடைத்திருக்கிறது. 1:40-லிருந்து 1:46 வரை மட்டும் டீநாய்ஸைப் பாதியாகக் குறைத்து, இன்று மறுபடி சோதனை ஓட்டுகிறேன்.