கள்ளிக்கோட்டையிலிருந்து எதிரே வந்த அம்பு

கோத்தகிரி டீச்சர்:
எட்டாம் வகுப்புக்கு வாஸ்கோடகாமா பாடம். அம்பு நகரும் பவர்பாயிண்ட் கோப்பு ஒன்று கைமாறி வந்தது. வெளியே மூடுபனி, வகுப்பே இருட்டு, திரை மட்டும் பளிச். கிளிக் செய்ததும் லிஸ்பனிலிருந்து சிவப்புக் கோடு இறங்குகிறது. கேப் வெர்டி தாண்டியதுமே கள்ளிக்கோட்டையில் இன்னொரு கோடு முளைத்து ஆப்பிரிக்காவை நோக்கிக் கிளம்பிவிட்டது! இரண்டும் நன்னம்பிக்கை முனையில் போய்ச் சேர்ந்தன. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "டீச்சர், நம்ம ஆளுங்க எதிர்கொண்டு போனாங்களா?"

குன்னூர் மேப்காரன்:
Wipe அனிமேஷன் போட்டு From Top கொடுத்திருப்பார்கள். அது கோட்டின் வழியே போகாது, படத்தை மேலிருந்து கீழாகத் திறக்கும், அவ்வளவுதான். முனையில் கோட்டை வெட்டி, அடுத்த துண்டுக்கு From Left, After Previous கொடுங்கள். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் மலிந்தியிலும் ஒரு வெட்டு போடுங்கள், ஏனென்றால் அங்கே வேகம் மாறுகிறது. 1498 ஏப்ரல் 24-இல் மலிந்தியை விட்டவர்கள் மே 20-இல் கள்ளிக்கோட்டைப் பக்கம் நங்கூரம் போட்டார்கள், 26 நாள். திரும்பும்போது கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சுதீவிலிருந்து அக்டோபர் 5-இல் புறப்பட்டு மலிந்தி சேர்ந்தது 1499 ஜனவரி 7, அதாவது 94 நாள். பத்து நாளுக்கு ஒரு வினாடி என்று வைத்தால் Duration 2.6, 9.4. இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்தால் பருவக்காற்றுப் பாடமே போச்சு.

ஊட்டி ரயில் ரசிகன்:
எனக்கும் இதே தொல்லை, காலக்கோட்டில். மலை ரயில் குன்னூர் வந்தது 1899, ஊட்டி வந்தது 1908. இரண்டு கட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், மறு வருஷமே ஊட்டிக்கு ரயில் வந்துவிட்டது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

கொடைக்கானல் சார்:
94 நாளுக்குக் காரணம் எதிர்க்காற்று. அம்பை மெதுவாக ஓட்டினாலே போதும், இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு?

குன்னூர் மேப்காரன்:
எதிர்க்காற்று பாதிதான், சார். காற்றே இல்லாமல் கப்பல் சும்மா கிடந்த நாட்களும் நிறைய. அந்தக் கடப்பில் 30 பேர் வரை செத்தார்கள், பெரும்பாலும் ஸ்கர்வி. சீராக ஊரும் அம்பு அதை மறைத்துவிடும். கோட்டை மூன்று நான்கு துண்டாக்கி, நடுவே Delay வையுங்கள். எந்தெந்த நாளில் நின்றது என்று கேட்காதீர்கள், அது தோராயம்தான். வகுப்பிலும் அப்படியே சொல்லிவிடலாம்.

கொடைக்கானல் சார்:
தோராயத்தை அசைவாகக் காட்டினால் பிள்ளைகள் நிஜமென்று எடுத்துக்கொள்வார்களே?

கோத்தகிரி டீச்சர்:
நான் வழி கேட்கவே இல்லை, ஆனாலும் வெட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. எனக்கு இன்னும் உறுத்துவது அந்தப் பையன் கேட்டதுதான். மலிந்தியில் ஏறிய வழிகாட்டிதானே கள்ளிக்கோட்டை வரை கூட்டி வந்தார்? அந்தத் துண்டும் ஏன் போர்ச்சுகல் நிறத்திலேயே ஓடுகிறது? வேறு நிறம் கொடுத்தால் கப்பல் மாறிவிட்டது என்பார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?