H251-ஐ தமிழ்ல எப்படி எழுதலாம்? ஹைட்ரோஸ் டிரம் லேபிள்

கானாடுகாத்தான் ஆச்சி:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் கண்டாங்கிச் சேலைக்கு நூல் சாயம் போடற பட்டறைகளுக்காக, சாயத் தொட்டியில போடற ஹைட்ரோஸ்ங்கற சோடியம் டைதயோனைட் பொடியோட பாதுகாப்புத் தாளைத் தமிழ்ப்படுத்திக்கிட்டு இருக்கேன். அதுல H251-னு ஆபத்தைச் சொல்ற குறியீட்டோட ஒரு வரி, இங்கிலீஷ்ல "செல்ஃப் ஹீட்டிங், மே கேட்ச் ஃபயர்". பழைய தாள் ஒண்ணுல அதை "தானாகத் தீப்பற்றும்"னு எழுதியிருந்தாங்க. நான் "தற்சூடேற்றம்"னு மாத்தி வச்சேன், படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா போன மழையில ஒரு பட்டறையில நடந்ததைப் பாத்த பிறகு எனக்கே அது பிடிக்கல.

பாதி எடுத்த 50 கிலோ டிரம், மூடியைச் சரியா அமுக்கல, ஓடு ஒழுகி உள்ள ஈரம் போயிருக்கு. காலையில ஒரு தம்பி டிரம்மைத் தொட்டுப் பாத்தா வெதுவெதுன்னு இருக்கு, தீக்குச்சி உரசின மாதிரி நெடி வேற. சூடா இருக்கேன்னு ஒரு மக்குத் தண்ணியை எடுத்து ஊத்திட்டாரு. புஸ்ஸுன்னு வெள்ளைப் புகை கிளம்பி, எல்லாரும் இருமிக்கிட்டே வெளிய ஓடினோம், அதோட போச்சு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், லேபிளையும் படிச்சிருந்தாரு. அதுல இருந்த வார்த்தை அவருக்கு ஒண்ணும் சொல்லல, அதான் சங்கடம்.

பழைய லேப் ஆள்:

ஆச்சி, "தானாகத் தீப்பற்றும்"ங்கறது H250, அது வேற ஜாதி. காத்து பட்ட அஞ்சு நிமிஷத்துக்குள்ள பத்திக்கற சரக்குக்குத்தான் H250 போடுவாங்க. ஹைட்ரோஸை ஒரு கரண்டி எடுத்துத் தட்டுல வச்சா சாதாரணமா ஒண்ணும் ஆகாது. குவியலா இருந்தாத்தான் வம்பு, உள்ள உண்டாகற சூடு வெளிய போக வழியில்லாம சேந்துக்கிட்டே போகும், அதுக்கு மணிக்கணக்கும் ஆகலாம், நாள்கணக்கும் ஆகலாம். சோதனையே அப்படித்தான்: 140 டிகிரி அடுப்புல 24 மணி நேரம் வைப்பாங்க, பொடியை அடைக்கற கூடு ஒண்ணு 2.5 சென்டிமீட்டர், இன்னொண்ணு 10 சென்டிமீட்டர். சின்னக் கூட்டுல சும்மா இருந்துட்டு பெரிய கூட்டுல சூடேறற சரக்கும் உண்டு, அதுக்கு H252, "பெருமளவில்"னு ஒரு சொல் கூட வரும்.

H250-னு எழுதிப் பயமுறுத்திட்டா என்ன ஆகும்னா, பட்டறைக்காரர் தினமும் டிரம்மைத் திறக்கறாரு, ஒண்ணும் பத்திக்கல, "எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியல"ன்னு அடுத்த வரியையும் நம்ப மாட்டாரு.

புதுவயல் வாத்தியார்:

தற்சூடேற்றம் தப்பான சொல் இல்லை, ஆனா பாடப்புத்தக வாடை அடிக்குது. "உட்புழுக்கம்" எப்படி? ஈரத்தோட போட்ட வைக்கோல் போர் உள்ளுக்குள்ள புழுங்கித் தீப்பிடிக்கறதை நம்ம ஊர்ல பாக்காதவங்க யாரு. சொல்லும் அழகா இருக்கு. எதுக்கும் கீழ "தண்ணீர் படக் கூடாது, தீப்பிடித்தால் மணல் போட்டு மூடவும்"னு பெரிசா போட்டுட்டா பிரச்சினை முடிஞ்சுது.

பழைய லேப் ஆள்:

வாத்தியாரய்யா, வைக்கோல் போர் அருமையான உவமை. ஆனா தண்ணி, மணல் விஷயத்துல பாதிதான் சரி, மீதிப் பாதி ஆளைக் கொன்னுடும். சேமிக்கும்போது ஈரம் ஆகாது, அது நிஜம். கொஞ்சம் தண்ணி போனா பொடி சிதைஞ்சு சூடு கிளம்பும், சல்ஃபர் டைஆக்சைடு வரும், அந்த மக்குத் தண்ணி செஞ்சது அதைத்தான். ஆனா பத்திக்கிட்ட பிறகு மணல் போட்டு மூடறது பிரயோஜனமில்லை, ஏன்னா அது எரிய வெளிக்காத்தே தேவையில்லை. லாரி விபத்துக்குத் தீயணைப்புக்காரங்க வச்சிருக்கற கையேட்டுல ஹைட்ரோஸோட சரக்கு எண்ணான யூஎன் 1384-க்குன்னு தனியாவே எழுதியிருக்கும், மூடி அணைக்கற வேலை பலிக்காது, வெள்ளமாத் தண்ணி அடிங்கன்னு. வெள்ளமா அடிச்சா சூட்டை வாரிக்கிட்டுப் போயிடும், கொஞ்சமா ஊத்தினா சூட்டைக் கிளப்பிவிடும். ஒரே தண்ணிதான்.

இதைத் தெரியாம மொழிபெயர்க்கறவங்க என்ன பண்றாங்கன்னா, ஒரு இடத்துல "ஈரம் படாமல்", இன்னொரு இடத்துல "ஏராளமான நீர்"னு பாத்ததும் மூலத்துல தப்புன்னு நெனச்சு ஒண்ணைத் திருத்திடறாங்க. அப்படித் திருத்தின தமிழ்த் தாளை நான் கண்ணால பாத்திருக்கேன்.

1995 ஏப்ரல்ல அமெரிக்காவுல நியூ ஜெர்சி, லோடைங்கற ஊர்ல ஹைட்ரோஸையும் அலுமினியப் பொடியையும் ஒரு கலவை இயந்திரத்துல போட்டுக் கலக்கினாங்க. தண்ணி எப்படியோ உள்ள போயிருக்கு. மணிக்கணக்கா உள்ளேயே சூடேறிக்கிட்டு இருந்திருக்கு, அதைக் காலி பண்ணலாம்னு ஆளை அனுப்பின நேரத்துல வெடிச்சுது. அஞ்சு பேர் போயிட்டாங்க. மெதுவா சூடேறுது, அதனால நேரம் இருக்குன்னு தோணும் பாருங்க, மோசம் போறது அங்கதான்.

ஆத்தங்குடிக்காரன்:

அண்ணே நம்ம டைல்ஸ் பட்டறை சிமெண்டு மூட்டையிலயும் "எரிச்சல்"னு போட்டிருக்கான், அதையும் சேத்து மாத்துங்க. ஈரச் சிமெண்டு கையில கிடந்து தோல் புண்ணாயி மூணு வாரம் வேலைக்குப் போகல நானு. எரிச்சல்னா மிளகாய் அரைச்ச மாதிரி கொஞ்ச நேரத்துல போயிடும்னுதானே எவனும் நெனப்பான். அப்பறம் சூடாகறதெல்லாம் எங்களுக்குப் புதுசு இல்ல, சுண்ணாம்பு நீத்தும்போது தொட்டியே கொதிக்கும், அது சூடானாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம், பயப்பட என்ன இருக்கு.

கானாடுகாத்தான் ஆச்சி:

தம்பி, கேட்டது சிமெண்டு இல்ல, ஆனா கடைசில சொன்னீங்களே அது எனக்குப் பெரிய உதவி. சுண்ணாம்புல கை வச்சுப் பழகின ஊர்ல "சூடாகும்"ங்கறது எச்சரிக்கையே இல்ல, அது ஒரு செய்தி. அந்தத் தம்பி தண்ணி ஊத்தினதுக்கும் காரணம் அதுதான் போல. சிமெண்டுக்கு "தோலை அரிக்கும்"னு தனியா ஒரு இழை போடறேன்.

பள்ளத்தூர் சாயக்காரர்:

உட்புழுக்கம்னா எங்க ஆளுங்க புழுங்கலரிசியைத்தான் நெனப்பாங்க, இல்லன்னா சித்திரை மாச வெக்கையை. ஹைட்ரோஸ் வீரியம் போச்சுன்னா "செத்துப் போச்சு"ம்போம். கட்டி தட்டி, மஞ்சளாயி, நெடி வந்தா அது செத்துப்போனதுன்னு ஒதுக்கி வச்சுடுவோம். இப்ப ஐயா சொல்றதைப் பாத்தா அது சாகல, உள்ள வெந்துக்கிட்டு இருந்திருக்கு. ஒதுக்கி வச்சது எங்கன்னு நெனக்கறீங்க, மூலையில காலி சாக்கு அடுக்குக்குப் பின்னாடி.

பழைய லேப் ஆள்:

பழசாகி வீரியம் போனாலும் மஞ்சளாகும், அதனால நிறத்தை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது. டிரம் மேல கை வச்சா சூடு தெரியுதா, நெடி இருக்கா, அந்த ரெண்டும்தான் முக்கியம்.

கானாடுகாத்தான் ஆச்சி:

நேத்து நாலு சொல்லை ஒரு பட்டறையில ஆறு பேர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், அர்த்தம் சொல்லாம "இதைப் பாத்தா என்ன பண்ணுவீங்க"ன்னு மட்டும் கேட்டேன். தற்சூடேற்றத்துக்கு எல்லாரும் முழிச்சாங்க. உட்புழுக்கத்துக்கு மூணு பேர் "ஜன்னலைத் திறப்போம்"னாங்க, பாதி சரிதான், ஆனா மழைக்காலத்துல அதுவே ஈரத்தைக் கொண்டாரும். "தானாகத் தீப்பற்றும்"னதும் ஒருத்தர் உடனே தண்ணி எங்கன்னு தேடினாரு. "உள்ளுக்குள் கனன்று தீப்பிடிக்கும்"னு வாசிச்சதுக்குத்தான் ரெண்டு பேர் "அப்ப வெளிய பாத்தாத் தெரியாதா"ன்னு திருப்பிக் கேட்டாங்க. கேக்க வேண்டிய கேள்வி அதுதான்னு எனக்குப் பட்டுச்சு.

அதனால லேபிள்ல "உள்ளுக்குள் கனன்று தீப்பிடிக்கும்", தாளோட தலைப்புக்கு "உட்கனல்வு"ன்னு வைக்கலாமா? அதுக்குக் கீழ: "டிரம் சூடாக இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், திறக்காதீர்கள், வெளியேறி 101-ஐ அழையுங்கள்."

புதுவயல் வாத்தியார்:

கனலுன்னா தணல் கண்ணுக்குத் தெரியணுமே ஆச்சி, இங்க தெரியாதே. உட்கனல்வு வினைப்பெயராவும் ஒட்டல. சரி, பொருள் போகுது, என் உட்புழுக்கத்தை வாபஸ் வாங்கிக்கறேன்.

பழைய லேப் ஆள்:

சொல் எனக்கு ஓகே. H252-க்கு "பெருங்குவியலில் உள்ளுக்குள் கனன்று"னு நீட்டிக்கலாம். அடுக்குக்கு நடுவுல இடைவெளி விடச் சொல்ற வரிக்கும் அப்பத்தான் காரணம் புரியும். ஆனா அணைக்கற வரி இன்னும் பாக்கி இருக்கு, "ஏராளமான நீர்"னு எழுதினா பட்டறையில ரெண்டு குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க. அந்த வரியைத் தொழிலாளி லேபிள்ல இருந்து எடுத்துட்டு தீயணைப்பு பக்கத்துல மட்டும் வைக்கலாம்னு நான் சொல்றேன்.

பள்ளத்தூர் சாயக்காரர்:

எடுக்காதீங்கய்யா. தேவகோட்டையில இருந்தோ காரைக்குடியில இருந்தோ வண்டி வரதுக்குள்ள நாங்கதானே நிப்போம். "குடத்தால் ஊற்றாதே, குழாய் வெள்ளம் இல்லையென்றால் விலகி நில்"னு எழுதுங்க.