10 கிலோ குறைந்த பிறகு கலோரி இலக்கை எப்படித் திருத்துவது?

வணக்கம். எனக்கு வயது 41, உயரம் 170 செ.மீ. தினமும் 1,900 கலோரி என்ற இலக்கோடு ஐந்து மாதங்களில் 88 கிலோவிலிருந்து 78 கிலோவுக்கு வந்தேன். ஆனால் கடந்த ஐந்து வாரங்களாக எடையின் வாராந்தரச் சராசரி அசையவே இல்லை.

உடல் சிறுத்தால் செலவும் குறையும் என்பதால் மிஃப்ளின் சூத்திரத்தில் மீண்டும் கணக்கிட்டேன். ஓய்வுநிலைச் செலவு 1,742-இலிருந்து 1,642 ஆகியிருக்கிறது. அலுவலக வேலையும் காலை நடையும் சேர்த்து 1.4-ஆல் பெருக்கினால் நாளின் மொத்தச் செலவு ஏறத்தாழ 2,440-இலிருந்து 2,300 ஆகிறது. அப்படியானால் 1,900-இலும் 400 கலோரி பற்றாக்குறை இருக்க வேண்டும், எடையும் மெதுவாகவேனும் இறங்கியிருக்க வேண்டும்.

எனவே அளவில்தான் பிழை என்று சந்தேகித்து, சோற்றை வடித்த பின் எடைபோடுவதை விட்டு அரிசியாகவே நிறுத்தேன். இட்லிப் பொடிக்குக் கண்ணளவில் ஊற்றும் நல்லெண்ணெயைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, ஒரு தேக்கரண்டி என்று நான் எழுதிவந்தது உண்மையில் 14 கிராம், அதாவது சுமார் 125 கலோரி! அதைத் திருத்தி மூன்று வாரங்கள் ஆகியும் மாற்றமில்லை. தைராய்டு பரிசோதனை இயல்பாக உள்ளது. மருந்து எதுவும் எடுப்பதில்லை.

புதிய இலக்கை, சூத்திரம் சொல்லும் 2,300-இலிருந்து கழித்து அமைப்பதா, அல்லது எடை நிலைத்து நிற்கும் இந்த 1,900-ஐயே என் உண்மையான செலவாகக் கொண்டு அதிலிருந்து குறைப்பதா?