டெலிவரி வேன்: லீஸா, சொந்தமா? ஐந்து வருடக் கணக்கு

புதுலோடு:
டெலிவரிக்கு ஒரு புது வேன் எடுக்க வேண்டும். விலை 10,00,000. வாங்கினால் முன்பணம் 2,00,000, மீதி 8,00,000 கடன், 10 சதவீத வட்டி, 60 மாதம், தவணை ஏறக்குறைய 17,000. லீஸ் என்றால் மாதம் 23,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் ஐந்து வருடத்துக்கு 1,00,000 கி.மீ. வரம்பு, தாண்டினால் கி.மீ.க்கு 4. என் ஓட்டம் ஒரு நாளைக்கு 90 கி.மீ., வருடம் 300 நாள். எது லாபம்?

நேர்வழி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? லீஸ்தான். மாதம் 6,000 கூடக் கட்டினாலும் சர்வீஸ் தலைவலி இல்லை. முக்கியமான விஷயம், லீஸ் வாடகை முழுக்க முழுக்கச் செலவுக் கணக்கில் போகும், வரி குறையும். சொந்த வண்டியின் தவணையில் அசலைச் செலவாகக் காட்ட முடியாது.

பழைய பேரேடு:
அசலைக் காட்ட முடியாது என்பது சரி. ஆனால் அதற்குப் பதிலாகத் தேய்மானத்தையும் வட்டியையும் காட்டலாமே. பெரும்பாலும் எந்த வருடம் எவ்வளவு கழிகிறது என்பதில்தான் வித்தியாசம் வரும். வரியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் செலவைப் பார்ப்போம்.

வாங்கினால்: முன்பணம் 2,00,000, தவணைகள் 10,20,000. இன்சூரன்ஸ் முதல் வருடம் 40,000, கடைசி வருடம் 26,000 என்று இறங்கினால் மொத்தம் 1,60,000. சர்வீஸும் டயரும் முதல் வருடம் 20,000-இல் தொடங்கி, மூன்றாம் வருடம் டயர் மாற்றும்போது 50,000 ஆகி, ஐந்தாம் வருடம் கிளட்ச், பேட்டரி எல்லாம் சேர்ந்து 85,000 வரை போகும். மொத்தம் 2,40,000 வைக்கிறேன். ஆக 16,20,000. கடைசியில் வண்டி 3,00,000-க்கு விற்றால் நிகரச் செலவு 13,20,000.

லீஸ் என்றால் வாடகை 13,80,000. உங்கள் ஓட்டம் வருடம் 27,000, ஐந்து வருடத்தில் 1,35,000 கி.மீ. வரம்பைத் தாண்டும் 35,000-க்கு 1,40,000. திருப்பிக் கொடுக்கும்போது சேதக் கட்டணம் 50,000 என்று வைத்தால் மொத்தம் 15,70,000.

வாங்குவது 2,50,000 மலிவு.

நேர்வழி:
சேதக் கட்டணம் 50,000 எங்கிருந்து வந்தது? ஒழுங்காக ஓட்டினால் எதற்குக் கட்ட வேண்டும்?

மூன்று வேன்:
எத்தனை ஒழுங்காக ஓட்டினாலும் டெலிவரி வண்டியில் சரக்குப் பெட்டி அடிபடும். நான் லீஸில் எடுத்த வேனைத் திருப்பிக் கொடுத்தபோது வெளியே பெயின்ட் பளிச்சென்று இருந்தது. வந்தவர் டார்ச் அடித்து உள்ளே போனார். தள்ளு கதவின் கீழ் ரோலர் தேய்ந்து, கதவு பாதையில் உரசி வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. தரைப் பலகை டிராலி ஏறும் இடத்தில் மட்டும் குழிந்து, ஓரம் பிளந்திருந்தது. பின்படியின் விளிம்பு நசுங்கியிருந்தது. மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம். "வழக்கமான தேய்மானம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது, அதன் அளவு எழுதியிருக்கவில்லை. ஆகவே கையெழுத்துக்கு முன்பு அந்த அளவைக் கேளுங்கள்: எத்தனை சென்டிமீட்டர் கீறல், தரைப் பலகை சேருமா சேராதா. வண்டி கைக்கு வந்த நாளில் பெட்டியின் உள்ளே நான்கு மூலையையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

இரவுப்பயணி:
நான் என் ஸ்கூட்டரைச் சொந்தமாகத்தான் வாங்கினேன், நாலு வருடமாக ஓடுகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளைக்கே எவ்வளவு கேட்கிறார்கள்! சொந்தமே நல்லது.

மூன்று வேன்:
தம்பி, அது நாள் வாடகை. இவர் கேட்பது ஐந்து வருட ஒப்பந்தம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் கணக்கு தப்பும்.

வட்டிக்கணக்கு:
பேரேடு சார், உங்கள் கூட்டலில் தப்பில்லை, ஆனால் 2,50,000 என்ற முடிவு ஏமாற்றும். வாங்குபவர் முன்பணத்தை இன்றைக்கே கொடுக்கிறார். விற்ற காசு ஐந்து வருடம் கழித்து வருகிறது. லீஸ்காரருக்கு அப்படியே தலைகீழ்: கி.மீ. கட்டணமும் சேதமும் கடைசியில்தான். எல்லாவற்றையும் 10 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டு வந்து போட்டேன். அன்றைக்கு வரும் 3,00,000 இன்றைக்கு 1,82,000 மட்டுமே. வாங்குவது 11,32,000, லீஸ் 11,98,000 சுமார். வித்தியாசம் 65,000 சொச்சம்தான்.

இந்த 65,000-ஐ ஒரே ஒரு விஷயம் விழுங்கிவிடும்: மறுவிற்பனை விலை. வண்டி 1,90,000-க்கும் கீழே விற்றால் லீஸ் ஜெயிக்கிறது. 1,35,000 கி.மீ. ஓடிய சரக்கு வண்டியை யார் எவ்வளவுக்கு வாங்குவார்கள் என்று இன்றைக்கே அதே மாடலின் ஐந்து வயது வண்டிகளை நாலு இடத்தில் விசாரியுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த ஒரு எண்தான் பதில் சொல்லும்.

பழைய பேரேடு:
ஒப்புக்கொள்கிறேன், நேரத்தின் விலையை நான் சேர்க்கவில்லை. ஆனால் எதற்கு 10 சதவீதம்? அவருடைய முன்பணம் வங்கி வைப்பில் கிடந்தால் அவருக்குக் கிடைப்பது 5 தான். 5 போட்டால் வித்தியாசம் திரும்ப 1,47,000 ஆகிறது.

வட்டிக்கணக்கு:
கடனே 10-இல் வாங்குபவருக்குக் கையில் உள்ள ஒவ்வொரு காசும் 10 தான் என்பது என் கட்சி. அந்த முன்பணத்தைக் கடனைக் குறைக்கப் பயன்படுத்தினாலும் அவருக்கு மிச்சமாவது 10.

பழைய பேரேடு:
பணம் நெருக்கடியில் இருந்தால் அப்படி. இல்லாவிட்டால் இல்லை.

மூன்று வேன்:
இருவரும் ஐந்து வருடம் முழுக்க வேலை இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். இரண்டாம் வருட முடிவில் டெலிவரி ஒப்பந்தம் போனால் என்ன ஆகும்? கடன் பாக்கி ஏறத்தாழ 5,27,000 இருக்கும். வண்டி 6,00,000-க்குப் போனாலும் கடனை அடைத்துவிட்டு வெளியே வரலாம். லீஸில் மீதி வாடகை 8,28,000. இடையில் முடித்தால் அதில் பாதி கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 4,14,000, வண்டியும் கையில் இருக்காது. அந்தப் பிரிவைப் படிக்காமல் எந்த மலிவையும் நம்ப வேண்டாம்.

நேர்வழி:
சரி, அது நியாயம். ஆனால் வண்டி நின்றுவிட்டால்? லீஸில் மாற்று வண்டி தருவார்கள். சொந்த வண்டி ஐந்தாம் வருடம் பணிமனையில் கிடக்கும் நாட்களை யாரும் கணக்கில் போடவில்லை.

பழைய பேரேடு:
தருவார்கள் என்று சொன்னால் போதாது, எத்தனை மணி நேரத்தில், அதே கொள்ளளவா என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் கேள்வி சரிதான். ஒரு நாள் நின்றால் அவருக்கு எவ்வளவு போகும் என்பது அவருக்குத்தான் தெரியும், என் பட்டியலில் அது இல்லை.

புதுலோடு:
பெரிய உதவி. ஓட்டம் 1,35,000 கி.மீ. என்று முதலிலேயே சொல்லி வரம்பை ஏற்றினால் வாடகை எவ்வளவு ஆகும் என்று கேட்டேன், மாதம் 24,500 என்கிறார்கள்.

வட்டிக்கணக்கு:
அப்படியென்றால் 60 மாதத்துக்குக் கூடுவது 90,000, கடைசியில் கட்ட வேண்டிய 1,40,000 இல்லை. மொத்தம் 15,20,000. இன்றைய மதிப்பில் 11,83,000 சுமார், வாங்குவதோடு வித்தியாசம் 51,000 ஆகச் சுருங்குகிறது. ஆனால் ஓட்டம் குறைந்தால் திரும்பத் தருவார்களா என்று கேட்டீர்களா?

புதுலோடு:
கேட்கவில்லை. முறித்தால் என்ன, மாற்று வண்டி எப்போது, ஓட்டம் குறைந்தால் என்ன, மூன்றையும் எழுத்தில் கேட்டுவிட்டு வருகிறேன். பழைய வண்டி விலையும் இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.